சுமையில்லாத மோட்டாரில் நான்கே நொடி சோதித்துவிட்டு ‘ரோட்டர் நலம்’ என்று தந்த அறிக்கை

ஓடிக்கொண்டிருக்கும் அணில்கூண்டு மோட்டாரின் ரோட்டர் பார், அதாவது சுழலும் பகுதியில் மின்னோட்டம் பாயும் உலோகத் தண்டு, உடைந்திருக்கிறதா என்பதை, மோட்டாரை நிறுத்தாமல், அது இழுக்கும் மின்னோட்டத்தை அலசியே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லிப் பலர் இந்தச் சோதனையைச் செய்து தருகிறார்கள். முறை உண்மையானது, சரியாகச் செய்தால் நம்பத்தக்கது. ஆனால் தவறாகச் செய்த சோதனையும் அதே அழகான வரைபடத்தோடும் அதே உறுதியான சொற்களோடும்தான் நம் மேசைக்கு வருகிறது. அப்படி வந்த ஓர் அறிக்கையை நம்பி ஒரு மோட்டாரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரின் சுருளை நான் இழந்தேன்.

250 கிலோவாட், நான்கு துருவ மோட்டார் அது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடி, ஒரு பெரிய உறிஞ்சுவிசிறியைச் சுற்றியது. பெயர்ப்பலகையில் முழுச்சுமை வேகம் 1485 சுற்று, மின்னோட்டம் 430 ஆம்பியர் என்று இருந்தது. விசிறியின் சக்கரம் கனமானது என்பதால், நேரடியாக மின்னிணைப்புக் கொடுத்துக் கிளப்பும்போது வேகம் பிடிக்க வெகுநேரமாகும். அந்த நேரம் முழுவதும் ரோட்டர் பார்கள் கடும் மின்னோட்டத்தைத் தாங்கிச் சூடேறி நீள்கின்றன. பாரும், பார்களின் முனைகளை இணைக்கும் முனைவளையமும் சேரும் பற்றவைப்பு இடம்தான் அந்த இழுபறியை வாங்குகிறது. இத்தகைய மோட்டார்களில் பார் அங்கேதான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

சந்தேகம் எழக் காரணம் ஆம்பியர்மானி. விசிறி முழுச்சுமையில் ஓடும்போது அதன் முள் நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று பணிமுறை ஆபரேட்டர் பதிவேட்டில் எழுதியிருந்தார். நானே போய் நின்று பார்த்தேன். முள் துடிக்கவில்லை; மூச்சுவிடுவதைப்போல ஒரே சீராக அசைந்துகொண்டிருந்தது. உடனே சோதனைக்கு ஒரு சேவை நிறுவனத்தை அழைத்தோம்.

அவர்கள் வந்த நாளில் உற்பத்தி குறைந்திருந்ததால் விசிறியின் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பர் ஏறக்குறைய மூடியிருந்தது. “சுமை இல்லையே, பிறகு வருகிறீர்களா?” என்று ஆபரேட்டர் கேட்டதற்கு, “கருவி நொடிக்குப் பத்தாயிரம் மாதிரி எடுக்கும் சார், சுமை எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை” என்று வந்தவர் சொல்லியிருக்கிறார். முள் அசைவதைப் பற்றியும் அவரிடம் சொல்லப்பட்டது. அவர் மானியைப் பார்த்தார். அன்று முள் அசையாமல் நின்றது. மின்னோட்ட மின்மாற்றியின் இரண்டாம்நிலைக் கம்பியில் கிளாம்பை மாட்டினார், நான்கு நொடி பதிவெடுத்தார், கிளம்பிவிட்டார். இரண்டு நாளில் வந்த அறிக்கையில் 49 ஹெர்ட்ஸிலும் 51 ஹெர்ட்ஸிலும் அம்புக்குறியிட்ட ஒரு வரைபடம் இருந்தது. அந்த இடங்களில் இருப்பது முதன்மை அலையைவிட 68 டெசிபெல் கீழே இருப்பதாகவும், ஆகவே ரோட்டர் நலமாக இருப்பதாகவும் எழுதியிருந்தது. நான் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன்.

பதினொரு வாரம் கழித்து, ஒரு காலைக் கிளப்பலின்போது மண்ணிணைப்புப் பழுதுக்கான ரிலே மோட்டாரை நிறுத்தியது. பணிமனையில் ரோட்டரை வெளியே இழுத்தபோது, அடுத்தடுத்த இரண்டு செப்புப் பார்கள் முனைவளையத்தை ஒட்டி முழுதாகப் பிரிந்திருந்தன. பிரிந்த முகங்கள் பளபளப்பாக இல்லை. பொறி பறந்து பறந்து கருத்து, ஓரங்கள் உருகி மழுங்கியிருந்தன. பக்கத்துத் தகடுகளில் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு பாரின் முனை மையவிலக்கு விசையால் ஒரு விரற்கடை அளவுக்கு வெளிப்புறமாக வளைந்து, ஸ்டேட்டர் சுருளின் தலைப்பகுதியை உரசிக் காப்பைக் கிழித்திருந்தது. அந்தக் கருமையைப் பார்த்த எவரும் இது அன்று காலை உடைந்தது என்று சொல்லமாட்டார்கள். முள் அசைந்ததற்கான பதிவும் சோதனைக்கு முந்தைய தேதியில் இருக்கிறது.

பிறகுதான் அந்த அறிக்கையை வரி வரியாகப் படித்தேன். வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டும், அதற்காக வருந்துகிறேன். அதிலிருந்த பிழையை யாரும் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பார் உடைந்தால் ரோட்டரின் சமச்சீர் கெடுகிறது. அதன் விளைவாக, மின்னழுத்தத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸுக்கு இருபுறமும் மின்னோட்டத்தில் இரண்டு சிறு துணைச்சிகரங்கள் முளைக்கின்றன. அதிர்வெண் f, ஸ்லிப் s என்றால், கீழ்ப்புறச் சிகரம் f(1−2s) என்ற இடத்திலும் மேல்புறச் சிகரம் f(1+2s) என்ற இடத்திலும் நிற்கும். ஸ்லிப் என்பது ஒத்தியங்கு வேகத்திலிருந்து ரோட்டர் பின்தங்கும் விகிதம். முழுச்சுமையில் எங்கள் மோட்டார் 1500-இலிருந்து 15 சுற்று பின்தங்குவதால் ஸ்லிப் 0.01, சிகரங்கள் 50-இலிருந்து 1 ஹெர்ட்ஸ் தள்ளி, 49-இலும் 51-இலும் வரவேண்டும். ஆம்பியர்மானி முள் நொடிக்கு ஒருமுறை அசைந்ததும் இதே 1 ஹெர்ட்ஸ்தான்.

ஆனால் சோதனை நாளில் மோட்டார் முழுச்சுமையில் ஓடவில்லை. அறிக்கையில் மின்னோட்டம் 165 ஆம்பியர் என்று அவர்களே குறித்திருந்தார்கள். 430-க்கு 165 என்றால் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு சுமை என்று எண்ணத் தோன்றும், அது சரியல்ல. காந்தப்புலத்தை உண்டாக்கும் மின்னோட்டம் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், உண்மையான சுமை அதைவிடக் குறைவு. எங்கள் கட்டுப்பாட்டு அறைப் பதிவில் அந்த நேரத்து வேகம் 1496 சுற்று என்று இருந்தது. பின்தங்கல் வெறும் 4 சுற்று, ஸ்லிப் 0.00267. அப்படியானால் சிகரங்கள் 50-இலிருந்து 0.27 ஹெர்ட்ஸ் மட்டுமே தள்ளி, 49.73-இலும் 50.27-இலும் இருந்திருக்கும். அவர்களோ வேகத்தை அளக்கவே இல்லை. பெயர்ப்பலகையின் 1485-ஐ அப்படியே மென்பொருளில் இட்டு, சிகரம் வரவே முடியாத 49 ஹெர்ட்ஸில் தேடி, அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்திருக்கிறார்கள்.

சரியான இடத்தில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது என்பது அடுத்த குறை. அருகருகே உள்ள இரண்டு அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் திறனைத் தீர்மானிப்பது நொடிக்கு எத்தனை மாதிரி எடுக்கிறோம் என்பதல்ல. மொத்தம் எத்தனை நொடி பதிவெடுக்கிறோம் என்பதுதான். நான்கு நொடிப் பதிவில் வரைபடத்தின் ஒரு படி 0.25 ஹெர்ட்ஸ். அலசலுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ஹானிங் சாளரம் என்ற கணக்குமுறை 50 ஹெர்ட்ஸ் சிகரத்தின் அடியை இருபுறமும் இரண்டு படி, அதாவது அரை ஹெர்ட்ஸ் அளவுக்கு விரித்துவிடும். 0.27 ஹெர்ட்ஸ் தொலைவில் இருக்கும் துணைச்சிகரம் அந்த விரிந்த அடிக்குள்ளேயே புதைந்துபோகும். கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தாலும் புரியும்: அந்தச் சுமையில் மின்னோட்டம் ஒருமுறை ஏறி இறங்கவே மூன்றே முக்கால் நொடி ஆகிறது. நான்கு நொடியில் ஒரே ஒரு அசைவைப் பார்த்துவிட்டு அசைவு இல்லை என்று எப்படி முடிவுகட்டுவது? பத்தாயிரம் மாதிரி என்ற பேச்சுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. போதாக்குறைக்கு, சுமை குறைந்தால் பார்களில் ஓடும் மின்னோட்டமே குறைந்து, துணைச்சிகரத்தின் உயரமும் தாழ்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் எழுதிக் கேட்டபோது, “சோதனை நாளில் ரோட்டர் நன்றாகவே இருந்தது” என்ற ஒரே பதில்தான் வந்தது. மூலப்பதிவைக் கேட்டு வாங்கினேன். நான்கு நொடிக்கு மேல் அதில் எதுவும் இல்லை. எடுக்காத நேரத்தை எந்த மென்பொருளாலும் பின்னர் சேர்க்க முடியாது. கட்டணத்தை அவர்கள் திருப்பித் தரவில்லை.

அருகில் அதே அளவில் ஓர் இணைமோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால், வேறொருவரை அழைத்து அதைச் சோதித்தோம். அவர் முதலில் கேட்டது, டேம்பரை எவ்வளவு திறக்க முடியும் என்பதே. ஸ்ட்ரோபாஸ்கோப்பால் வேகத்தை அளந்தார்: 1486.5. மின்னோட்டம் 385 ஆம்பியர். டேம்பரைத் தொடவேண்டாம் என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு 64 நொடி பதிவெடுத்தார். இடையில் சுமை மாறினால் ஸ்லிப்பும் மாறிச் சிகரம் பரவி மழுங்கிவிடும் என்பதற்காக அந்த எச்சரிக்கை. ஸ்லிப் 0.009 என்பதால் 49.1 ஹெர்ட்ஸில் தேடவேண்டும். அங்கே ஊசிபோல ஒரு சிகரம் நின்றது. 50 ஹெர்ட்ஸைவிட 41 டெசிபெல் கீழே, அதாவது முதன்மை மின்னோட்டத்தில் ஏறத்தாழ 112-இல் ஒரு பங்கு, மூன்றரை ஆம்பியர் அளவு. முழுச்சுமைக்கு அருகில் எடுத்த பதிவில் இந்த வித்தியாசம் 50 டெசிபெல்லுக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை, 45-க்குக் கீழே வந்தால் உடைந்த பாரையோ விட்டுப்போன பற்றவைப்பையோ சந்தேகிக்க வேண்டும் என்பது துறையில் உள்ள நடைமுறை அளவு.

அத்தோடு அவர் நிற்கவில்லை. சுமையே மெதுவாக ஏறி இறங்கினாலும் இதைப்போன்ற சிகரம் வரும்; மெதுவாகச் சுழலும் பற்சக்கரப்பெட்டியோ பிஸ்டன் கம்ப்ரசரோ இருக்கும் இடங்களில் நல்ல ரோட்டரைக் கெட்டது என்று சொல்லிக் கழற்றவைத்த கதைகளும் உண்டு. எனவே டேம்பரைச் சற்று மூடி, வேகம் 1490-க்கு ஏறியபின் மீண்டும் 64 நொடி எடுத்தார். சிகரம் 49.1-இலிருந்து 49.33-க்கு நகர்ந்தது. ஸ்லிப் 0.00667-க்குக் கணக்கு சொல்லும் இடமும் அதுவே. சுமையின் ஆட்டமாக இருந்தால் இப்படி ஸ்லிப்பைப் பின்தொடர்ந்து நகர்ந்திருக்காது.

நிறுத்தும் நாள் வரும்வரை அந்த மோட்டாரை அடிக்கடி நிறுத்திக் கிளப்பாமல் ஓட்டினோம். திறந்தபோது ஒரு பாரின் பற்றவைப்பு முனைவளையத்தோடு விட்டிருந்தது. பார் இன்னும் தன் காடிக்குள்ளேயே இருந்தது, சுருளுக்கு எந்தச் சேதமும் இல்லை. அந்த ஒரு இணைப்பை மறுபடி பற்றவைத்து, சமநிலை பார்த்து, ரோட்டரைத் திரும்ப ஏற்றினோம்.

இந்தச் சோதனைக்கு ஆள் அழைப்பவர்கள், அறிக்கையில் நான்கு விவரங்கள் இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள்: சோதனையின்போது அளந்த வேகம், அந்த வேகத்திலிருந்து கணக்கிட்ட சிகர இடம், அப்போதைய மின்னோட்டம், பதிவின் நீளம் நொடிகளில். வேகம் என்ற இடத்தில் பெயர்ப்பலகை எண்ணே அச்சாகியிருந்தால், மோட்டார் உண்மையில் முழுச்சுமையில் ஓடியதா என்று பாருங்கள். சுமை பாதியளவுக்கும் கீழே இருந்த பதிவில் ‘ரோட்டர் நலம்’ என்ற முடிவை ஏற்காதீர்கள். ‘முடிவு சொல்ல இயலவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். மூலப்பதிவையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

சரியாக எடுத்த பதிவுக்கும் எட்டாத பழுதுகள் உண்டு. இரட்டைக்கூண்டு ரோட்டரில் கிளப்புவதற்கான வெளிக்கூண்டின் பார் உடைந்தால், ஓட்டத்தின்போது அதில் மின்னோட்டம் குறைவாகவே ஓடுவதால் சிகரம் சின்னதாகத்தான் தெரியும். உடைந்த இரண்டு பார்கள் அரைத் துருவ இடைவெளியில் அமைந்துவிட்டால் ஒன்றின் விளைவை மற்றொன்று ஏறக்குறைய அழித்துவிடும். ஆகையால் வரைபடம் சுத்தமாக இருந்தும் முள் அசைகிறது, கிளப்பும் நேரம் நீள்கிறது என்று ஆபரேட்டர் சொன்னால், எங்கள் ஆலையில் இப்போது அவர் சொல்லையே முதலில் எடுத்துக்கொண்டு, முழுச்சுமையில் மறுபதிவும் கிளப்பும்போதைய மின்னோட்டப் பதிவும் எடுத்த பிறகே அந்தக் கோப்பை மூடுகிறோம்.