பழைய அறையை அளக்க: நேர்க்குத்து அளவா, முக்கோணமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீடு. வளவு என்ற உள்முற்றத்தை ஒட்டிய அறையொன்றை டேப், தூக்குக்குண்டு, பென்சிலோடு 1:20 அளவில் அங்கேயே உட்கார்ந்து வரைந்தோம். அந்த அறையை வைத்தே இரண்டு முறைகளையும் ஒப்பிடுகிறேன்.

முதல் முறை பலரும் செய்வது. ஒரு சுவரை அடிக்கோடாக வைத்து, அதிலிருந்து நேர்க்குத்தாக எதிர்ச்சுவர் வரைக்கும் அளப்பது. வேகமானது, தனியாளாகவே செய்யலாம். ஆனால் அந்த 'நேர்க்குத்து' எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் கண்ணிலிருந்துதான். கண் 3 டிகிரி பிசகினால், 3.9 மீட்டர் தள்ளி இருக்கும் புள்ளி பக்கவாட்டில் 20 செ.மீ. நகர்ந்துவிடும். எங்கள் அறையின் உண்மையான கோணலே 2 டிகிரிக்குக் கீழேதான், அதாவது பிசகு கோணலை முழுசாக விழுங்கிவிடும். தாளில் அழகான செவ்வகம் வரும், அறை அப்படி இருக்காது.

இரண்டாவது, முக்கோணம். மூலைகளுக்கு A, B, C, D என்று பெயர் வைத்தோம். AB 5.42, BC 3.86, CD 5.38, DA 3.91 மீட்டர். நான்கு பக்கத்தைப் பார்த்தால் ஏறக்குறைய செவ்வகம் என்றுதான் தோன்றும். மூலைவிட்டம் பிடித்தபோதுதான் தெரிந்தது: AC 6.72, BD 6.585. வித்தியாசம் 13 செ.மீ.க்கு மேல்! D மூலை 12 செ.மீ. உள்ளே சாய்ந்திருக்கிறது, 1:20 தாளில் அது 6 மி.மீ.

வரைவது இப்படி. AB-ஐக் கோடாகப் போட்டு, A-யிலிருந்து AD, B-யிலிருந்து BD அளவுக்கு வில் வெட்டினால் D கிடைக்கும். D, B இரண்டிலிருந்தும் வெட்டினால் C. சாதாரணக் கவராயம் 33 செ.மீ. எட்டாது, நீளக் கவராயம் வேண்டும். AC-யை வரையப் பயன்படுத்தவே கூடாது, அது சரிபார்க்க.

எனக்கு இந்த முறை பிடிப்பதற்குக் காரணமே அந்த மீதி அளவுதான். டேப்பின் நுனி தேய்ந்திருந்ததால் 10 செ.மீ. குறியை மூலையில் பிடித்து அளந்தோம், ஒரு தடவை கழிக்க மறந்தோம், CD 5.48 என்று குறிப்பில் ஏறிவிட்டது. தாளில் C-யைப் போட்டு AC-யை அளந்தால் 6.80 வந்தது, டேப் சொன்னதோ 6.72. தாளில் 4 மி.மீ. பிசகு, பென்சில் கோட்டின் தடிமன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சந்தேகப்பட்ட பக்கத்தைத் திரும்ப அளந்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்தோம். இதையே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் வரைந்திருந்தால், இன்னொரு பயணம். நேர்க்குத்து முறையிலோ தவறு இருப்பதே தெரியாது, சரிபார்க்க மிச்சம் எதுவும் இல்லையே.

முக்கோணத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு, ஒல்லி முக்கோணம். AB சுவரின் நடுவில், அதிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஒரு மரத்தூண். அதை A, B இரண்டிலிருந்தும் 2.74 மீட்டர் என்று பிடித்தால் வில்கள் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டு வெட்டும். இரு அளவிலும் 5 மி.மீ. தவறினாலே தூண் 3 செ.மீ.க்கு மேல் இடம் மாறும். அந்தத் தூணை C, D-யிலிருந்து பிடித்தோம். வில்கள் 30 டிகிரிக்குக் குறைவாக வெட்டினால் வேறு மூலைக்குப் போய்விடுவது என் வழக்கம்.

அதற்காக நேர்க்குத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சுவரின் தொப்பையைப் பிடிக்க அதுதான் சரி. மூலைக்கு மூலை நூல் கட்டி, நூலிலிருந்து சுவருக்கு அளந்தால், தூரம் சில செ.மீ. மட்டுமே, கண் பிசகினாலும் பாதகமில்லை. சன்னல், கதவு விளிம்புகளைத் துண்டு துண்டாக அளந்து கூட்டாமல், டேப்பை A-யிலேயே வைத்து வரிசையாகப் படித்துக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போகும்.

சாய்வுக்குத் தூக்குக்குண்டு. முற்றத்துக் காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது, குண்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கினோம், அடங்கியது. நூலிலிருந்து சுவருக்கு அரை மீட்டர் உயரத்துக்கு ஒருமுறை அளந்தால் சாய்வு வந்துவிடும். அப்புறம், எல்லாக் கிடை அளவும் ஒரே உயரத்தில் எடுக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் ஒரு மட்டம் பிடித்து, வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்காமல், காகித நாடா ஒட்டிக் குறித்தோம். ஒருவர் தரையோடும் இன்னொருவர் மார்பளவிலும் பிடித்தால் சாய்வு முழுக்க மூலைவிட்டத்தில் ஏறிவிடும்.

லேசர் ஸ்கேனர்? மட்டுமீறிய வேலைப்பாடுள்ள கூரைக்கும் பெரிய கூடத்துக்கும் நானும் அதைத்தான் கேட்பேன். ஒற்றை அறைக்கு டேப் போதும். பீரோ மறைத்து மூலைவிட்டம் போகவில்லையா, எதிர்ச்சுவரில் தெரிகிற இடத்தில் இரண்டு புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் A, B இரண்டிலிருந்தும் அளந்து கொண்டால் சுவர் எங்கே என்று தெரிந்துவிடும்.