மறு என்கோடிங் இல்லாமல் வீடியோ வெட்டுதல்: நான்காண்டு அனுபவம்

எங்கள் வீட்டு விஎச்எஸ் நாடாக்களை ஒருமுறை எச்.264 கோப்புகளாக மாற்றி வைத்தேன். மங்கலான மூலத்தைச் சுருக்கியதில் தரம் ஏற்கெனவே ஒரு படி இறங்கியிருந்ததால், தேவையான பகுதியை வெட்டி எடுப்பதற்காக மீண்டும் என்கோடிங் செய்து இன்னொரு படி இழக்க எனக்கு மனம் இல்லை. ஆகவே நான்கு ஆண்டுகளாக லாஸ்லெஸ்கட் மென்பொருளையும், அது உள்ளே பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் கருவியையும் கொண்டே வெட்டி வருகிறேன்.

இவை சுருக்கிய தரவை அவிழ்க்காமல் அப்படியே நகலெடுப்பதால், ஒரு மணி நேரக் கோப்பில் பத்து நிமிடத்தைச் சில நொடிகளில் பிரித்துவிடலாம். ஆனால் நினைத்த இடத்தில் தொடங்க முடியாது. முழுப் படமாகப் பதிவாகும் கீஃபிரேமைத் தவிர மற்ற ஃபிரேம்கள் பிற ஃபிரேம்களைச் சார்ந்தே உருவாகின்றன. எச்.264 கோப்புகளை உருவாக்கும் எக்ஸ்264 என்கோடரின் இயல்பு அமைப்பில் இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையே 250 ஃபிரேம்கள் வரை, அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் 10 நொடி வரை, இடைவெளி இருக்கலாம். காட்சி மாறும் இடங்களில் கூடுதல் கீஃபிரேம் விழும். ஒரே கோணத்தில் எடுத்த கச்சேரியில் அதற்கும் வாய்ப்புக் குறைவு.

அத்தகைய கச்சேரி ஒன்றில், பாட்டு 767.2ஆம் நொடியில் தொடங்கியது. கீஃபிரேம்களின் இடங்களை இவ்வாறு பார்த்தேன்:

```
ffprobe -v error -select_streams v:0 -skip_frame nokey -show_entries frame=pts_time -of csv=p=0 in.mp4
```

அருகில் இருந்தவை 759.48, 769.48 ஆகிய இரண்டு மட்டுமே. எஃப்எஃப்எம்பெக் கட்டளையில், தொடக்க நேரத்தைச் சொல்லும் `-ss 767.2` என்பதை மூலக் கோப்பைக் குறிக்கும் `-i`க்குப் பின்னால் கொடுத்தபோது ஒலி உடனே தொடங்கியது. படமோ அடுத்த கீஃபிரேம் வரும்வரை, சுமார் 2.3 நொடி, வரவே இல்லை. முன்னால் கொடுத்தபோது 759.48இலிருந்தே தரவு நகலானது. கூடுதலான பகுதியைக் காட்ட வேண்டாம் என்ற குறிப்பு மட்டும் எம்பி4 கோப்பில் எழுதப்பட்டது. கணினி அந்தக் குறிப்பை மதித்தது, வீட்டுத் தொலைக்காட்சி மதிக்கவில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் ஒரு மாலை முழுவதும் கோப்பின் மீது பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

முடிவில், குறிப்பை நம்பாமல் கீஃபிரேமிலேயே வெட்டினேன்:

```
ffmpeg -ss 759.48 -i in.mp4 -t 300 -c copy out.mp4
```

பாட்டுக்கு முன் ஏழேமுக்கால் நொடி சுருதி சேர்ப்பது கேட்கிறது. அது எனக்குக் குறையாகப் படவில்லை. வெட்டின் முடிவிடத்துக்கு இத்தகைய கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை, ஏறக்குறைய நினைத்த ஃபிரேமிலேயே நிறுத்தலாம்.

முதல் சில நொடிகளை மட்டும் மறு என்கோடிங் செய்து மீதியை நகலெடுக்கும் ‘ஸ்மார்ட் கட்’ வசதியையும் முயன்றேன். இணைப்பிடத்தில் படம் சிதைந்ததால் கைவிட்டேன். தலைப்பு எழுத்தோ மெல்ல மறையும் காட்சியோ வேண்டுமென்றால் படத்தையே மாற்றியாக வேண்டும்; அந்தக் கோப்புகளுக்கு மட்டும் மறு என்கோடிங் செய்கிறேன்.