எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை

என் காரைப் போலவே ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னுடையது 2012 மாடல், 2021இல் பழையதாக வாங்கியது. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் குறையாமல் கொடுக்கிறது, நெடுஞ்சாலையில் அலுப்பே தெரியாது. ஆனாலும் போன மாதத்திலிருந்து அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

வாங்கும்போதே ஹாரனுக்கு டாஷ்போர்டில் தனிப் பொத்தான் இருந்தது. வசதிக்காக வைத்தது என்றார் விற்றவர். நான்கு வருடம் அதைத்தான் அழுத்தினேன். போன மாதம் அது பழுதானபோது எலெக்ட்ரீஷியன் ஸ்டியரிங்கைக் கழற்றினார். அதற்கடியில் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடா அறுந்திருந்தது. ஹாரனுக்கும் ஓட்டுநர் பக்க ஏர்பேக்குக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. "அப்படியானால் பழுதைக் காட்டும் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்க வேண்டுமே சார்?" என்றார். மீட்டரைப் பிரித்தோம். அந்த விளக்கு இருந்த இடத்தில் பல்பே இல்லை.

விற்றவர் இதே காரில் என் பிள்ளைகளை உட்காரவைத்துச் சுற்றிக் காட்டினார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பத்து விநாடியில் நான் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம் இது. பழைய காரைப் பார்க்க நாம் போகும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கச் சொல்லுங்கள். காரை நிழலில் நிறுத்தி, சாவியை நீங்களே வாங்கி, ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் வரை மட்டும் திருப்புங்கள். ஆயில், பேட்டரி, எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். அந்த மாடலில் எவையெவை உண்டு என்று கையேட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எது எரியவில்லையோ, அதைப் பற்றித்தான் கேள்வி கேட்க வேண்டும்.

எரிந்தால் மட்டும் போதாது, எப்போது அணைகிறது என்பதையும் பாருங்கள். ஆயில், பேட்டரி விளக்குகள் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே அணையும். ஏர்பேக் விளக்கோ பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடாதபோதே ஆறேழு விநாடியில் தானாக அணைந்துவிடும். அது ஆயில் விளக்கோடு சேர்ந்து, அதே நொடியில் அணைந்தால், அதன் ஒயரை ஆயில் விளக்கோடு இணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பல்பைப் பிடுங்குவதைவிடத் தேர்ந்த ஏமாற்று இது.

இதையும் தாண்டிய ஒன்று உண்டு. ஏர்பேக்கே இல்லாமல், அது இருப்பதாகக் காரை நம்பவைக்க அதன் இணைப்பில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகிவிட்டால் விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். அதை விளக்கைப் பார்த்துப் பிடிக்க முடியாது. ஸ்டியரிங் மூடியும் டாஷ்போர்டும் பிரித்து மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று நல்ல மெக்கானிக்கை விட்டுப் பார்க்க வேண்டும்.

கிளாக் ஸ்பிரிங்கையும் பல்பையும் மாற்றிவிட்டேன். தினமும் காலையில் அந்த விளக்கு எரிந்து அணையும் வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்கிறேன். காரின் மேல் ஒரு குற்றமும் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன்.