மொட்டை மாடி நிழலா, ஜன்னல் ஓரமா: சோப்பு, தைலப் புட்டிகளைப் படமெடுக்க எது தோது?

வீட்டிலேயே சோப்பும் குங்குமாதி தைலமும் கற்றாழை ஜெல்லும் செய்து ஆன்லைனில் விற்கிறவர்கள், லைட் எதுவும் வாங்காமல் போனை மட்டும் வைத்துப் படமெடுக்க இரண்டு இடங்கள்தான் இருக்கின்றன. ஒன்று மொட்டை மாடியில் படிக்கட்டு அறையின் நிழல், இன்னொன்று ஜன்னல் ஓரம். நேர் வெயிலை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இலை நிழல் விழுந்த படம் இன்ஸ்டாகிராமுக்கு அழகுதான், ஆனால் லேபிளில் பாதி வெளுத்துப் போய் மீதி கறுத்திருக்கும். கடையில் பொருளின் முதல் படமாகப் போட அது ஆகாது. மாடியிலும் எடுத்து, ஜன்னலிலும் எடுத்து, கடைசியில் ஜன்னலோடு நின்றுவிட்டவள் நான். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாடிக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடலாம். வெளிச்சம் தாராளம். போனைக் கையில் பிடித்தே எடுக்கலாம், படம் ஆடாது. தூள் டப்பா, சோப்பு, அட்டைப்பெட்டி போல மேற்பரப்பு மங்கலாக இருக்கும் பொருள்களுக்கு மாடி நிழல் போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் புட்டியை வைத்ததும் தொடங்கும். கண்ணாடிப் புட்டி என்பது வளைந்த கண்ணாடிதான். சுற்றி இருப்பதெல்லாம் அதில் தெரியும். மாடியில் நாலு பக்கமும் திறந்திருப்பதால் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, போனைப் பிடித்த உங்கள் கை எல்லாம் சின்னச் சின்னக் கோடுகளாகப் புட்டியின் உடம்பில் விழும். போன் திரையில் இது கண்ணுக்குப் படாது. வாங்குகிறவர் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் புட்டி அழுக்காக இருப்பதுபோலத் தோன்றும்.

ஜன்னலில் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது, புட்டியில் தெரிவதும் அந்த ஒன்றுதான். நம் வீட்டு ஜன்னலுக்குக் கம்பி உண்டே என்பீர்கள். உண்மை, கம்பிகள் அப்படியே புட்டியில் விழும். கொசுவலை இருந்தால் அதுவும் சேரும். அதற்கு ஜன்னல் முழுவதையும் மூடி ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட வேண்டும். கரை ஜன்னலுக்கு வெளியே போகட்டும். இப்போது கம்பி மறைந்து, புட்டியின் ஒரு ஓரத்தில் மேலிருந்து கீழாக நீளமான வெள்ளைப் பட்டை ஒன்று மட்டும் நிற்கும். ‘இது கண்ணாடி’ என்று பார்ப்பவருக்குச் சொல்வது அந்தப் பட்டைதான்.

பழுப்பு நிற 30 மில்லி துளிப்புட்டியை நான் எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். மேஜையை ஜன்னலுக்கு அருகே, ஜன்னல் இடப்பக்கம் வருமாறு போட்டுக்கொள்கிறேன். வலப்பக்கம் ஒரு சாண் தள்ளித் தெர்மோகோல் பலகை. அது நிழல் பக்கத்தைத் தூக்கிவிடும். இந்த அளவிலேயே எடுத்தால் உள்ளே இருக்கும் தைலம் கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளை அட்டையைப் புட்டியைவிடச் சற்றுச் சின்னதாக வெட்டி, புட்டிக்குப் பின்னால் ஒளித்து, ஜன்னலைப் பார்க்கக் கொஞ்சம் திருப்பி வைத்தால் வெளிச்சம் அதில் பட்டுத் தைலத்தின் ஊடாக வரும். கறுப்பு போய்த் தேன் நிறம் தெரியும். போனை முக்காலியில், புட்டியின் நடு உயரத்துக்கு வைத்து, 2x-இல் எடுக்கிறேன். கிட்டப் போய் 1x-இல் எடுத்தால் புட்டியின் நடு உப்பி, அடி சிறுத்துவிடும். அறையில் டியூப்லைட்டை அணைத்தாக வேண்டும். இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் ஒரு நிறமாகிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் முயன்றால் மாடியிலும் ஓரளவு சமாளிக்கக் கூடியது. என்னை ஜன்னலோடு கட்டிப்போட்டது வேறு: பழைய படத்தோடு புதுப் படம் ஒட்ட வேண்டும். கடை என்பது ஒரே நாளில் எடுத்து முடிக்கும் ஆல்பம் இல்லை. தை மாதம் மஞ்சள் சோப்பைப் போடுவோம், ஆடியில் வேப்பிலை சோப்பு வரும். இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று நீலம் ஏறியும் ஒன்று மஞ்சள் ஏறியும் இருந்தால் இரண்டு கடைப் பொருள் மாதிரி ஆகிவிடும். அதைவிட மோசம், படத்தில் இருந்த நிறத்தில் சோப்பு வரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

மாடி நிழலின் குணம் நிலையில்லாதது. வெயில் நாளில் நிழலுக்குள் வருவது பெரும்பாலும் நீல வானத்தின் வெளிச்சம், அதனால் வெள்ளை டப்பா நீலம் பூசிக்கொள்ளும். தரையில் சிவப்புத் தட்டோடு இருந்தால் கீழ்ப்பாதி சிவக்கும். போனோ தன் பங்குக்கு ஒவ்வொரு படத்துக்கும் நிறத்தைத் தானாக மாற்றும். மஞ்சள் சோப்பு சட்டத்தை நிறைத்தால் ‘மஞ்சள் அதிகம்’ என்று நினைத்து நீலத்தைக் கூட்டிவிடும்.

ஜன்னலில் மேஜை, முக்காலி, பொருள் மூன்றின் இடத்தையும் டேப் ஒட்டிக் குறித்துவிடலாம். வேட்டி அதே வேட்டி. ஆண்ட்ராய்டு போன்களில் ப்ரோ மோடு இருந்தால், படத்தின் நீல-மஞ்சள் சாயலைச் சரிசெய்யும் WB-யை ஓர் எண்ணில் நிறுத்திவிடுங்கள். 5500-இல் தொடங்கி, பக்கத்துத் தெர்மோகோல் நீலமாகத் தெரிந்தால் எண்ணைக் கூட்டுங்கள், மஞ்சளாகத் தெரிந்தால் குறையுங்கள். A4 தாளை வைத்துப் பார்க்காதீர்கள். வெண்மை கூட்டச் சேர்க்கும் பொருளால் பகல் வெளிச்சத்தில் அதற்கே கொஞ்சம் நீலம் உண்டு. பிடித்த எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்து, அடுத்த முறை அதே நேரத்தில் உட்கார்ந்து, பழைய படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒப்பிட்டால் போதும். மேகம் வந்தால் வெளிச்சத்தின் அளவு மாறும், அதை வெளிச்ச அளவுகோலைத் தள்ளிச் சரிசெய்யலாம். நிறத்தையும் கொஞ்சம் தொட்டுப் பார்க்க வேண்டி வரும், ஆனால் மாடியில் போலத் தலைகீழாக மாறாது.

எந்த ஜன்னல்? வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது நம் ஊருக்கு முழுசாகப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியனே தலைக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் நுழையும். அந்த மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல், சன்ஷேடு நிழல் ஜன்னலை மூடியபின் எடுப்பேன். இன்னொன்றையும் பாருங்கள்: ஜன்னலுக்கு எதிரே நாலடியில் பக்கத்து வீட்டுச் சுவர் பச்சையாகவோ ரோஸாகவோ இருந்தால் அந்தச் சாயம் வேட்டியைத் தாண்டியும் உள்ளே வரும். அப்படியானால் வடக்கை விட்டுவிட்டு வானம் தெரிகிற ஜன்னலுக்குப் போவதே மேல்.

பளபளக்கும் வெள்ளி மூடி போட்ட புட்டிகள் என்னிடம் ஒன்றிரண்டுதான். ஜன்னலில் மூடியின் ஒரு பாதி கறுத்தே நின்றது, இரண்டாவது தெர்மோகோல் வைத்தும் பாதிதான் சரியானது. அதனால் அந்த வகையில் ஜன்னல்தான் சிறந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். லிப் பாம் மட்டும் மாடிக்கு வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் சேர்ந்தது நிழலில்கூடச் சில நிமிடத்தில் வேர்த்து, பரப்பில் எண்ணெய் மின்னும். ஜெல்லைத் திறந்து வைத்தால் தூசி ஒட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் முழுவதும் மூடியிருக்கும் நாட்களில் மட்டும் நான் மாடிக்கே ஏறுகிறேன். அப்போது வேட்டி கட்டிய ஜன்னலில் வெளிச்சம் போதாமல் படத்தில் புள்ளி தட்டும். மேலே மேகமே வேட்டியாகிவிடுவதால் நீலமும் குறைவு. சோப்பையும் தூளையும் அன்று எடுத்துக்கொண்டு, புட்டிகளை வெயில் வரும் நாளுக்குத் தள்ளிவைத்துவிடுவேன்.