சனிக்கிழமை மாலை ஏழு மணி: வாரச் சமையல் திட்டத்துக்கு மூன்று வழிகள்

அடுத்த வாரம் என்ன சமைப்பது என்று முடிவு செய்து, அதிலிருந்து மளிகைப் பட்டியல் எடுக்க ஒரு மாலையை ஒதுக்குவதென்றால், எந்த மாலை என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் முதலில் ஞாயிறு இரவு எட்டு மணியை வைத்திருந்தோம். அது தவறு என்பது திங்கட்கிழமை காலை இட்லிக்கு மாவு இல்லாதபோதுதான் புரிந்தது. அரிசியும் உளுந்தும் நான்கு மணி நேரமாவது ஊற வேண்டும்; அரைத்த மாவு இரவு முழுவதும் புளிக்க வேண்டும். ஆகவே ஞாயிறு நண்பகலுக்குள் உளுந்து வீட்டில் இருந்தாக வேண்டும். சனி மாலை பட்டியல் எழுதினால், ஞாயிறு காலை உழவர் சந்தையில் காய்கறியும், திரும்பும் வழியில் மளிகையும் வாங்கிவிடலாம். சந்தையில் நல்ல கீரை காலையிலேயே தீர்ந்துவிடும் என்பதால், முந்தைய மாலையே பட்டியல் தயாராக இருப்பது இன்னொரு வகையிலும் உதவுகிறது.

முதல் வழி, கைபேசிக் கடிகாரத்தில் சனிதோறும் அடிக்கும் அலாரமும், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளும். அலாரம் அடிப்பதை நிறுத்த எழுந்து போகத்தான் வேண்டும். எழுந்தவர் சமையலறைக்குள் போய், பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டே எழுதுகிறார். இருப்பைக் கழித்து எழுதுவது இந்த வழியில் தானாக நடக்கிறது. ஆனால் அளவு கண்மதிப்பாகவே இருக்கும். ‘து. பருப்பு ½’ என்று எழுதிய தாள், அது எந்தெந்தச் சமையலுக்கு என்று சொல்லாது.

இரண்டாவது, கூகுள் காலண்டரில் வாராந்தர நிகழ்வு ஒன்றை அமைத்து, வீட்டிலுள்ளோர் அனைவரும் திருத்தக்கூடிய குறிப்பில் பட்டியலைச் சேர்ப்பது. கடையில் நிற்பவர் ஒவ்வொன்றாக ‘டிக்’ செய்வதை வீட்டிலிருப்பவர் பார்க்க முடிவது நல்ல வசதி. குறை, நினைவூட்டலிலேயே இருக்கிறது: காலண்டர் அறிவிப்பை விரலால் ஒதுக்கிவிட்டால் அவ்வளவுதான். நான் பேருந்தில் நின்றபடி அப்படி ஒதுக்கிய ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு, அந்த வாரம் மூன்று நாள் ரசமும் அப்பளமும்தான்.

மூன்றாவதுதான் பட்டியலை உண்மையிலேயே உருவாக்கித் தருவது: கூகுள் ஷீட்ஸ். Items என்ற தாளில் உணவு, பொருள், ஒரு முறைக்கான அளவு, அலகு என்று நான்கு நெடுவரிசைகள். Week என்ற தாளில் கிழமையும் உணவும். சாம்பாருக்கு எதிரே துவரம்பருப்பு 150 கிராம், பருப்பு உசிலிக்கு எதிரே 100 கிராம் என்று எங்கள் நால்வருக்கான அளவை ஒருமுறை பதிந்துவிட்டோம்.

முதலில், வாரத்தில் இடம்பெற்ற உணவுகளின் வரிகளை மட்டும் FILTER கொண்டு எடுத்துக் கூட்டினேன். திங்களும் வியாழனும் சாம்பார், புதன் உசிலி என்ற வாரத்தில் துவரம்பருப்பு 250 கிராம் என்று வந்தது. வர வேண்டியது 400. உணவு இடம்பெற்றதா என்று மட்டுமே அது பார்த்தது. எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஐந்தாவது நெடுவரிசையில் முதல் சூத்திரத்தை E2 தொடங்கி எல்லா வரிகளிலும் நிரப்பி, பட்டியலை இரண்டாவது சூத்திரத்தால் எடுத்ததும் கணக்கு சரியானது:

```
=C2*COUNTIF(Week!B$2:B$15, A2)
=QUERY(Items!A2:E, "select B, D, sum(E) where E > 0 group by B, D label sum(E) ''")
```

இதிலும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. Week தாளில் உணவின் பெயரை ஓர் எழுத்து மாற்றித் தட்டச்சு செய்தால், அந்த உணவுக்கான பொருள்கள் எதுவும் பட்டியலில் வராது. பிழைச் செய்தியும் காட்டாது. பெயரைத் தட்டச்சு செய்யாமல் கீழ்விரி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைப்பதே இதற்கு வழி. அடுத்து, ஓரிடத்தில் ‘கிராம்’ என்றும் இன்னோரிடத்தில் ‘கிலோ’ என்றும் பதிந்திருந்தால், ஒரே பருப்பு இரண்டு வரிகளாக வந்து நிற்கும்.

இவ்வளவு செய்தும், டப்பாவில் ஏற்கெனவே 300 கிராம் இருப்பது ஷீட்டுக்குத் தெரியாது. இருப்புக்கென்று ஒரு நெடுவரிசை சேர்த்துப் பார்த்தோம். தினமும் அதில் பதிய யாரும் முன்வராததால் இரண்டே வாரத்தில் கைவிட்டோம்.

ஆகவே என் தேர்வு கலப்பானது. நினைவூட்டலுக்குக் கடிகார அலாரம். பருப்பு, அரிசி, எண்ணெய் போன்றவற்றுக்கு ஷீட். அது தரும் பட்டியலைத் தாளில் எழுதி, டப்பாக்களின் முன் நின்று அடித்துத் திருத்துகிறோம். கீரையையும் காயையும் ஷீட்டில் சேர்ப்பதில்லை. முருங்கைக்காய் விலை ஏறியிருந்தால் சந்தையிலேயே சாம்பார் கத்தரிக்காய்ச் சாம்பாராக மாறிவிடும். தாளில் ‘காய், இரண்டு சாம்பாருக்கு’ என்று மட்டும் எழுதுகிறோம். கீரை வாங்கினால் அது ஞாயிறோ திங்களோ சமைக்கப்படும்படி, கூட்டை வாரத்தின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்கிறோம்.