வாயால் சொன்னது 1,04,500. கொட்டேஷனில் வந்தது 1,14,550

திருநெல்வேலியில் வங்கிக் கடன் போட்டு ஸ்கூட்டர் வாங்க இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஷோரூமில் ஓர் ஆன்ரோடு விலையைச் சொல்கிறார்கள். அதை நம்பி அட்வான்ஸ் கட்டிய பிறகு, வங்கிக்கு வேறொரு விலையில் கொட்டேஷன் போகிறது. என் அக்கா மகளுக்கு நடந்தது இது. கடன் பணம் டீலரின் கைக்குப் போகும் முன்பே ஒரு புகார்க் கடிதத்தால் அதைத் தடுக்க முடிந்தது. அந்தக் கடிதத்தையும், அதில் எதை ஏன் எழுதினோம் என்பதையும் கீழே தருகிறேன்.

அவள் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்துக்கு வேலைக்குப் போகிறாள். இரவுப் பணி முடிந்து பஸ்ஸுக்கு நிற்பது பெரும் பாடாக இருந்ததால்தான் ஸ்கூட்டர். நகரில் உள்ள ஒரு ஷோரூமில் விற்பனையாளர் என்னிடம், "அண்ணாச்சி, ஆன்ரோடு ஒரு லட்சத்து நாலாயிரத்து ஐந்நூறு. இதற்கு மேல் ஒரு ரூபாய் நீங்கள் தர வேண்டாம். ஹெல்மெட்டும் வண்டியோடு வந்துவிடும்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்றதற்கு, விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் 'ஆன்ரோடு 1,04,500' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை. 5,000 ரூபாய் அட்வான்ஸுக்குக் கொடுத்த ரசீதில் வண்டியின் பெயரும் நிறமும் இருந்தன. மொத்த விலை இல்லை. அன்று இரவே என் அக்கா மகள் அவருடைய வாட்ஸப்புக்கு, "ஆன்ரோடு 1,04,500, ஹெல்மெட் சேர்த்து என்று பேசியபடி அட்வான்ஸ் கட்டியிருக்கிறோம்" என்று அனுப்பினாள். "சரி மேடம்" என்று பதில் வந்தது. பின்னால் எங்களுக்கு முதுகெலும்பாக இருந்தது அந்த இரண்டு சொற்கள்தான்.

கடனுக்கு வங்கி கொட்டேஷன் கேட்டது. டீலரின் முத்திரையோடு வந்த தாளின் அடியில் 1,14,550 ரூபாய். எக்ஸ்ஷோரூம் விலையான 88,000 ரூபாயில் மாற்றமில்லை. சாலை வரி 8,800 ரூபாயிலும் தவறில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 10 சதவீதம். கூடுதலான 10,050 ரூபாயும் அவற்றுக்குக் கீழே இருந்த ஐந்து வரிகளில் ஒளிந்திருந்தது.

விற்பனையாளரிடம் கேட்டபோது, "வங்கிக்கு என்றால் கொஞ்சம் கூட்டித்தான் போடுவோம் அண்ணாச்சி, டெலிவரியில் சரிசெய்துகொள்ளலாம்" என்றார். தயவுசெய்து இந்தப் பேச்சை நம்பாதீர்கள். கடன் தொகையை வங்கி நம் கையில் தருவதில்லை. கொட்டேஷனைப் பார்த்து நேரே டீலரின் கணக்கில் போடுகிறது. நாம் போட வேண்டிய பங்குத் தொகையும் அதே கொட்டேஷனை வைத்துத்தான் கணக்காகிறது. பணம் முழுவதும் அவரிடம் போய்ச் சேர்ந்த பிறகு டெலிவரி நாளில் எதைக் குறைத்துத் திருப்பித் தரப்போகிறார்? தராவிட்டால், ஏமாற்றப்பட்ட தொகைக்கும் சேர்த்துக் கடன் முடியும்வரை மாதாமாதம் நாம் வட்டி கட்ட வேண்டும்.

அந்த ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பதிவுச் செலவு 3,000 என்று இருந்தது. அரசு விதித்திருப்பது பதிவுக்கு 300, ஸ்மார்ட் கார்டுக்கு 200, வங்கியின் பெயரைப் பதிவுச் சான்றில் ஏற்றுவதற்கு 500, மொத்தம் 1,000. இன்சூரன்ஸ் 8,900 என்று இருந்தது. புது இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டாயம். 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான வண்டிக்கு 2022இல் அரசு அறிவித்த கட்டணம் 3,851 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இந்தப் பகுதியில் எந்த நிறுவனமும் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை. நம் வண்டிக்கான சேதக் காப்பீட்டிலும், அதன்மேல் ஏற்றும் கூடுதல் பாதுகாப்புகளிலும்தான் விலை ஏறி இறங்கும். முதலில் பேசும்போது அவரே சொன்னது 6,700. கேட்காமலே இரண்டு கூடுதல் பாதுகாப்புகளைச் சேர்த்து 2,200 ரூபாயை ஏற்றியிருந்தார்கள். காப்பீட்டை எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது.

ஹெல்மெட்டுக்கு 950 போட்டிருந்ததுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. மத்திய மோட்டார் வாகன விதி 138, உட்பிரிவு 4(எஃப்), இருசக்கர வாகனம் விற்கும்போது தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் வழங்க வேண்டும் என்கிறது. வாங்குபவரின் உயிரைக் காக்க எழுதப்பட்ட விதியை விலைப்பட்டியலில் ஒரு வரியாக்கிவிட்டார்கள். 3,400 ரூபாய் 'கிட்' என்பதில் மிதியடி, சீட் உறையோடு, பின்னால் உட்காருபவரின் கைப்பிடியும் சேலைத் தடுப்பும் இருந்தன. கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை விதி 123இன்படி மோட்டார் சைக்கிளில் இருந்தே ஆக வேண்டியவை. ஆபரணம் போல விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளும் பொருள்கள் அல்ல. கடைசி வரி, 'ஹேண்ட்லிங் சார்ஜ்' 1,500. மோட்டார் வாகனச் சட்டத்தில் வாங்குபவர் கட்ட வேண்டியதாக அப்படி ஒரு கட்டணமே கிடையாது. எதற்கு என்று கேட்டால் "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்பதுதான் பதில்.

இனி கடிதம். புக்கிங் யார் பெயரிலோ அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து எழுதினாலும் கையெழுத்து அவளுடையது. முகவரிகளை நீக்கியிருக்கிறேன்.

"பெறுநர்: மேலாளர் அவர்கள்.

பொருள்: வாய்மொழியாக உறுதியளித்த விலைக்கும் கொட்டேஷனுக்கும் உள்ள வேறுபாடு, திருத்திய கொட்டேஷன் கோருதல் தொடர்பாக.

ஐயா, தங்கள் ஷோரூமில் என் பெயரில் ஸ்கூட்டர் ஒன்றைப் பதிவுசெய்து ரூ. 5,000 முன்பணம் செலுத்தியிருக்கிறேன். ஹெல்மெட் உட்பட ஆன்ரோடு விலை ரூ. 1,04,500 எனத் தங்கள் விற்பனையாளர் உறுதியளித்ததன் பேரிலேயே முன்பணம் செலுத்தினேன். அவர் எழுதித் தந்த தாளின் நகலும், அன்றிரவே வாட்ஸப்பில் இதை அவர் ஒப்புக்கொண்ட பதிவின் நகலும் இத்துடன் உள்ளன.

வங்கிக்குத் தாங்கள் வழங்கிய கொட்டேஷனில் தொகை ரூ. 1,14,550 என உள்ளது. எக்ஸ்ஷோரூம் விலையிலும் வரியிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பதிவுச் செலவில் கூடுதலாக உள்ள ரூ. 2,000க்கு அரசு ரசீது உண்டா எனத் தெரிவிக்கவும். நான் கேட்காத கூடுதல் காப்பீடுகள் ரூ. 2,200, கிட் ரூ. 3,400, ஹெல்மெட் ரூ. 950, ஹேண்ட்லிங் சார்ஜ் ரூ. 1,500 ஆகியவற்றுக்கு நான் சம்மதம் தெரிவிக்கவில்லை. விதி 138(4)(எஃப்), விதி 123 ஆகியவற்றின்படி வண்டியோடு தர வேண்டியவற்றுக்குத் தனி விலை கேட்பதை ஏற்க இயலாது.

இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் ரூ. 1,04,500க்குத் திருத்திய கொட்டேஷன் வழங்கவும். இயலாது எனில் முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தரவும். இரண்டும் நடக்காவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நியாயமற்ற வணிக நடைமுறை என மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிப்பேன்.

நகல்: வங்கிக் கிளை மேலாளர். திருத்திய கொட்டேஷன் வரும்வரை கடன் தொகையை டீலருக்கு விடுவிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

நகல்: வாகனத் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு."

கடிதத்தில் 'ஏமாற்றுக்காரர்கள்' போன்ற சொல் ஒன்றுகூட இல்லை. மனதில் இருந்தது, எழுதவில்லை. "நீங்கள் சொன்னீர்களே" என்ற வாதம் மட்டும் இருந்தால், "நான் அப்படிச் சொல்லவில்லை" என்ற ஒரே பதிலில் அவர்கள் தப்பிவிடுவார்கள். அதனால்தான் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும்படி எழுதினோம். எக்ஸ்ஷோரூம் விலையை நாங்கள் தொடாததற்கும் காரணம் உண்டு. டெலிவரி நாளில் உள்ள விலையே செல்லும் என்று புக்கிங் படிவங்களில் பொதுவாக அச்சிட்டிருப்பார்கள். நிறுவனமே விலையை ஏற்றினால், வாய்மொழி உறுதியை வைத்து அங்கே வெல்வது கடினம். படிவத்தின் பின்பக்கத்தை நீங்களும் படித்துவிடுங்கள்.

கடிதத்தை ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பினோம். வங்கிக்கான நகலை என் அக்கா மகள் நேரில் கொடுத்து, தன்னிடமிருந்த பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டாள். டீலரை அசைத்தது இந்த நகல்தான் என்பது என் கணிப்பு. கடன் அதிகாரி ஷோரூமுக்குப் போன் செய்து "எது சரியான விலை?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை எங்கள் அழைப்பை எடுக்காத மேலாளர் அடுத்த நாளே என்னை அழைத்தார். "இதற்கெல்லாம் கடிதமா அண்ணாச்சி? நேரில் வந்திருந்தால் பேசி முடித்திருக்கலாமே" என்றார். நேரில் வந்து பேசி முடித்த விலைதானே அது என்றேன்.

திருத்திய கொட்டேஷன் 1,04,900க்கு வந்தது. மிதியடி மட்டும் வேண்டும் என்று அவளே சொன்னதால் 400 ரூபாய் கூடுதல். டெலிவரி எடுக்கும் முன் மூன்று தாள்களைக் கேட்டு வாங்கினோம்: வண்டியின் இன்வாய்ஸ், அரசின் 'வாகன்' இணையதளத்திலிருந்து எடுத்த வரி மற்றும் கட்டண ரசீது, இன்சூரன்ஸ் பாலிசி. மூன்றின் தொகையையும் கூட்டி, மிதியடியின் விலையையும் சேர்த்தால் கொட்டேஷனின் தொகை வர வேண்டும். வந்தது. ரசீதைத் தர மறுத்தாலோ, "பிறகு அனுப்புகிறோம்" என்றாலோ கூடுதல் பணம் அங்கேதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே ஷோரூமில் வண்டி எடுத்த முக்கூடல்காரர் ஒருவர், "நான் எல்லாம் கட்டிவிட்டேனே, இனி என்ன செய்ய?" என்று கேட்டார். கட்டிவிட்டாலும் வழி அடைபடவில்லை. மேலே உள்ள கடிதத்தில் 'திருத்திய கொட்டேஷன்' என்ற இடத்தில் 'கூடுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பித் தரவும்' என்று மாற்றி அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப்போட வேண்டும். டீலர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.