கட்டணத் தள்ளுபடி: கட்டும் முன் கேட்பதா, கட்டிய பின்பா?

ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையில் தனிநபர் கடன் மீதி 6,00,000 ரூபாய், வட்டி 16%, இன்னும் 36 தவணை என்று வைப்போம். போனஸில் 1,50,000 முன்கூட்டியே கட்டினால், அதற்கு வங்கி பிடிக்கும் 3% கட்டணம் 4,500 ரூபாய்.

பணத்தைக் கட்டிவிட்டு, பிடித்த கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது கடினம். கணக்கில் விழுந்ததை மீளளிக்க, பெரும்பாலும் கிளைக்கு மேலிருந்து அனுமதி வரவேண்டும். ஆகவே கட்டும் முன்பே தள்ளுபடி கேட்டு முகாமையாளருக்குக் கடிதம் கொடுங்கள். போனஸ் காட்டும் சம்பளச் சீட்டையும் தவணை தவறாத கணக்குக் கூற்றையும் இணையுங்கள். வேறு வங்கிக்குக் கடனை மாற்றவில்லை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வங்கிக்கு அந்தப் பயம்தான் பெரிது. வாய்வார்த்தைச் சம்மதம் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் பதிலுக்காக இழுபட வேண்டாம். 1,50,000க்கு மாத வட்டி 2,000 ரூபாய். இரண்டு மாதம் தாண்டினால் தள்ளுபடியின் லாபமே கரைந்துவிடும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் கட்டணத்தோடே கட்டிவிடலாம்: தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால் சுமார் 76,000 ரூபாய் வட்டி மிஞ்சும், தவணைத் தொகையைக் குறைத்தால் சுமார் 40,000தான். எப்படிக் கட்டினாலும் “கடனின் அசல் தொகையில் கழிக்கவும்” என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் முன்தவணையாக வரவு வைத்துவிடுவார்கள்.